கிலோமீட்டரை எண்ணாதீர்கள், மாறும் பேருந்தை எண்ணுங்கள்

திருமங்கலத்தில் வீடு, மதுரை நகருக்குள் வேலை. இப்படி வாழ்பவர்களின் மாதச் செலவில் பெட்ரோல்தான் முதலில் கண்ணில் படுகிறது. ஆனால் பயணச் செலவைத் தீர்மானிப்பது பெட்ரோல் விலையோ தூரமோ மட்டுமல்ல என்பது என் கருத்து. வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் எத்தனை இடத்தில் இறங்கி மாற வேண்டியிருக்கிறது என்பதே பெரும்பாலும் செலவை முடிவு செய்கிறது. ஒரு வழிக்கு 22 கிலோமீட்டர், மாதம் 25 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,100 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் பைக்குக்கு, லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில், பெட்ரோல் மட்டும் சுமார் 2,450 ரூபாய் ஆகும். ஆயில், சர்வீஸ், டயர், பிரேக் எல்லாவற்றுக்கும் கிலோமீட்டருக்கு 50 காசு ஒதுக்கினால் கையிலிருந்து போவது 3,000 ரூபாய். வண்டி தேய்ந்து மதிப்புக் குறைவதையும் சேர்த்தால் 4,000 பக்கம் வந்துவிடும். இந்தக் கடைசித் தொகையை யாரும் மாதாமாதம் கொடுப்பதில்லை. அதனாலேயே பலருடைய கணக்கில் அது வருவதில்லை.

பேருந்துக்கு வருவோம். மாறுவதையும் சேர்த்து ஒரு வழிக்கு 30 ரூபாய் என்றால் மாதம் 1,500, பைக்கில் பாதி. ஆனால் பெரியாரிலோ மாட்டுத்தாவணியிலோ இறங்கியபின் அலுவலகம் வரை ஆட்டோ பிடித்து 60 ரூபாய் கொடுப்பவருக்கு, போக வர அந்த ஆட்டோவே மாதம் 3,000 ரூபாயைத் தின்றுவிடும். மொத்தம் 4,500, பைக்கே மேல் என்று அவர் சொல்வது நியாயம்தான். தவறு பேருந்தில் இல்லை, கடைசி இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. மதுரையின் பேருந்து அமைப்பு திசை சார்ந்தது. தேனி, உசிலம்பட்டி, திண்டுக்கல் பக்கத்து வண்டிகள் ஆரப்பாளையத்துக்கு வருகின்றன. தென்மாவட்ட வண்டிகள் மாட்டுத்தாவணிக்குப் போகின்றன. நகரப் பேருந்துகளுக்குப் பெரியார்தான் மையம். ஆகவே திருமங்கலத்துக்காரர் மாட்டுத்தாவணி பக்கம் வேலைக்குப் போனால் ஒரே வண்டியில் போய்ச் சேரலாம். அவருக்கே தேனி ரோட்டில் வடபழஞ்சியில் வேலை என்றால், வரைபடத்தில் அருகில் தெரிந்தாலும் பேருந்தில் சுற்றிப் போக வேண்டியிருக்கும். வீடு பார்க்கும்போதோ வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போதோ காலை எட்டரை மணிக்கு அந்த வழியில் நேர்வண்டி உண்டா என்று ஒருமுறை நின்று பார்ப்பது, பிறகு எத்தனை சிக்கனம் செய்தாலும் கிடைக்காத லாபம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணமில்லை. வெளியூர் வண்டிகளுக்கு அது பொருந்தாது. அதனால் ஒரே ஊருக்குப் போகும் இரு வண்டிகளில் ஒரு பெண் எதில் ஏறுகிறார் என்பதே அவருடைய மாதச் செலவை மாற்றிவிடும்.

காரில் சேர்ந்து போவது நல்ல வழி, ஆனால் பங்கு பிரிப்பதில்தான் பெரும்பாலும் உடைகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் அதே 1,100 கிலோமீட்டருக்கு 7,300 ரூபாய் பெட்ரோல் குடிக்கும். நான்கு பேர் அதை மட்டும் பங்கிட்டால் தலைக்கு 1,830. டயரும் சர்வீஸும் தேய்மானமும் கார்க்காரர் தலையில் விழும். சில மாதங்களில் அவர் விலகிக்கொள்வார். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் சேர்த்து 9,500 என்று வைத்து நாலாகப் பிரித்தால் தலைக்குச் சுமார் 2,400. பைக்கைவிட அப்போதும் குறைவு, மழைக்கும் வெயிலுக்கும் பாதுகாப்பு. கப்பலூரில் சுங்கம் கட்ட வேண்டியிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். ஆகையால் நால்வரில் இருவருக்காவது கார் இருந்தால், பணம் வாங்காமல் வாரம் மாற்றி ஓட்டுவதே சிறந்த ஏற்பாடு.

வேலைக்குப் பக்கத்திலேயே குடிவந்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். நகருக்குள் வாடகை 4,000 ரூபாய் கூடுதல் என்று கொள்வோம். ஒருவர் மட்டும் பைக்கில் போகிற வீட்டில் கையில் மிச்சமாவது அதிகபட்சம் 3,000. இடம் மாறினால் நஷ்டம். இருவரும் தனித்தனி வண்டியில் போகிற வீட்டில் 6,000 மிச்சமாகிறது. உள்ளூர் ஓட்டத்துக்கு 600 போனாலும் 5,400 நிற்கும். அங்கே மாறுவது லாபம். மனைவி கட்டணமில்லாப் பேருந்தில் போகிறார் என்றால் பணக்கணக்கு மறுபடி தலைகீழாகிறது. நேரத்துக்கு விலை இல்லையா என்ற மறுப்பை நான் ஏற்கிறேன். தினம் ஒன்றரை மணி நேரம் மிச்சமாவது, சிறு குழந்தை இருக்கும் வீட்டில் அந்த 1,000 ரூபாய் நஷ்டத்துக்கு மேலேயே மதிப்புள்ளது. ஆனால் முன்பணமும் பிள்ளைகளின் பள்ளி மாற்றமும் அதே தட்டில் வைக்கப்பட வேண்டியவை. சொந்த வீட்டையும் பெற்றோரையும் விட்டு வர முடியாதவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது: பக்கத்துக் கிராமத்திலிருந்து திருமங்கலம் வரை மட்டும் பைக், அங்கே ஸ்டாண்டில் போட்டுவிட்டு நேர்வண்டி. ஸ்டாண்டுக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் போனாலும் பைக் செலவில் ஒரு பகுதி மிஞ்சும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வீட்டில் வேலைக்குப் போகிற ஒவ்வொருவரின் பயணத்தையும் தனித்தனியாக எழுதிக் கூட்டிப் பாருங்கள்.