அமைப்பு வரைபடத்தைப் படிக்கும் முறை: புதிய எழுத்தருக்கு ஒரு பாடம்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் புதிதாகப் பணியேற்கும் எழுத்தர், அலுவலகக் கையேட்டிலுள்ள அமைப்பு வரைபடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. அவ்வாறு எடுத்த படம் ஒன்றை நம் மாவட்டத்துச் சங்கத்தை வைத்து இம்மாதம் விளக்க முற்படுகிறோம். இது ஊழியர்க்கு மட்டும் உரிய பாடமன்று. தம் நகையும் பணமும் எவர் கைகளைக் கடந்து செல்கின்றன என்பதை அங்கத்தினரும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் படத்தின் ஓரங்களைப் பார்க்க வேண்டும். கோடுகளின் பொருளைக் கூறும் குறிப்பும், வரைபடம் வெளியான ஆண்டும் பெரும்பாலும் தாளின் அடிமூலையில் இருக்கும். படமெடுக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அந்த மூலையே. ஆண்டு தெரியாவிட்டால் பழைய வரைபடத்தை நடப்பென்று கொள்ள நேரிடும். 2004-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முற்பட்ட தாளில் ஓசூரும் அரூரும் ஒரே மாவட்ட அலுவலகத்தின் கீழ்க் காணப்படும். ஆயினும் தருமபுரி மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, பிரிவினைக்குப் பின்னும் இரண்டு மாவட்டங்களுக்கும் பணியாற்றி வந்தது. ஆகவே, ஒரு கட்டம் மாறியதால் எல்லாக் கட்டங்களும் மாறிவிட்டன என்றும் எண்ணலாகாது.

இனிக் கோடுகளுக்கு வருவோம். நாம் எடுத்துக்கொண்ட படத்தில் நடுவே மேலிருந்து கீழாக ஒரு முழுக்கோடு செல்கிறது. உச்சியில் அங்கத்தினர்களின் பொதுப்பேரவை. அதன் கீழ் நிர்வாகக் குழு. குழுவின் கீழ்ச் செயலாளர். செயலாளரின் கீழ் எழுத்தர், நகை மதிப்பீட்டாளர், விற்பனையாளர் ஆகியோர். நிர்வாகக் குழு இல்லாத காலத்தில் அக்கட்டத்தில் செயலாட்சியர் அமர்வார். முழுக்கோட்டின் வழியே ஆணை கீழே இறங்குகிறது. கணக்குப் பொறுப்பு மேலே ஏறுகிறது. எழுத்தரின் கட்டத்திலிருந்து மேலே செல்லும் முழுக்கோடு ஒன்றே ஒன்றுதான். அது செயலாளரிடம் சென்று சேர்கிறது.

பக்கங்களிலிருந்து மூன்று புள்ளிக்கோடுகள் சங்கத்தை வந்து தொடுகின்றன. முதலாவது, கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளரிடமிருந்து மண்டல இணைப்பதிவாளர், சரகத் துணைப்பதிவாளர் வழியாக வருவது. சங்கம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பது இவர்களது கடமை. நெசவாளர் சங்கமாயின் பதிவாளரின் இடத்தில் கைத்தறித் துறை இயக்குநர் இருப்பார். இரண்டாவது கோடு, கடனுக்குப் பணம் தரும் மத்திய வங்கியிலிருந்து வருவது. மூன்றாவது, தணிக்கையாளருடையது. கூட்டுறவுத் தணிக்கைத் துறை பதிவாளரின் கீழ் இல்லாமல் நிதித்துறையைச் சார்ந்து நிற்கிறது. சங்கத்தை நடத்துவோரும் மேற்பார்ப்போரும் தணிக்கையாளருக்கு ஆணையிட இயலாதிருக்கவே இப்பிரிவு செய்யப்பட்டது.

புள்ளிக்கோட்டின் பொருள் யாது? அவ்வழியே வருவோர் ஏடுகளைப் பார்க்கலாம்; விளக்கம் கேட்கலாம்; குறையை எழுதி வைக்கலாம். அவர்கள் பதவியில் உயர்ந்தவர்களாயினும், எழுத்தரை நேரில் அழைத்து, “இவருக்கு இத்தொகையைக் கொடு” என்று கூறும் அதிகாரம் அக்கோட்டில் இல்லை. அவ்வாறு ஒருவர் கூறுவாராயின், பார்வையாளர் ஏட்டில் எழுதித் தரும்படி பணிவுடன் வேண்டி, அதனைச் செயலாளர் முன் வைப்பதே எழுத்தரின் கடமை. படம் மங்கலாயிருந்தால் புள்ளிக்கோடு முழுக்கோடு போலத் தோன்றும். எழுத்தரின் கட்டத்துக்கு மேலிருந்து இரண்டு முழுக்கோடுகள் வருவதாகக் கண்டால், மூலத்தாளை மீண்டும் பார்க்க வேண்டும்.

கையேட்டின் அடுத்த பக்கத்தில் நகைக்கடனுக்கான செயல்முறைப் படம் உள்ளது. அங்கே நீள்சதுரம் செய்ய வேண்டிய செயலைக் குறிக்கும்; சாய்சதுரம் கேள்வியைக் குறிக்கும். சாய்சதுரத்திலிருந்து “ஆம்” என்றும் “இல்லை” என்றும் இரண்டு வழிகள் பிரியும். ஓர் எடுத்துக்காட்டினால் இதனைத் தெளிவாகக் காணலாம்.

அங்கத்தினர் ஒருவர் 42 கிராம் எடையுள்ள சங்கிலியைக் கொண்டு வருகிறார். மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்துத் தங்கமெனக் கண்டு, கல்லுக்கும் அரக்குக்குமாக 2 கிராம் கழித்து, நிகர எடை 40 கிராம் என்று எழுதுகிறார். கிராமுக்கு 6,000 ரூபாய் கடன் தரலாமென்று சங்கத்தின் தீர்மானம் உள்ளதாகக் கொள்வோம். கடன் தொகை 2,40,000 ரூபாய் ஆகிறது. அடுத்த சாய்சதுரம், “செயலாளரின் அதிகார வரம்புக்குள் உள்ளதா?” என்று கேட்கிறது. வரம்பு 2,00,000 ரூபாய் என்று கொண்டால், விடை “இல்லை” என்பதே. அவ்வழி நிர்வாகக் குழுவின் அனுமதிக்குச் செல்கிறது. படத்தில் “இல்லை” என்னும் சொல் நிழலில் மறைந்திருந்தால், புதிய எழுத்தர் நேர்க்கோட்டைப் பின்பற்றி ரொக்கப் பட்டுவாடாவுக்குப் போய்விடுவார். ஆதலின் ஒவ்வொரு சாய்சதுரத்திலிருந்தும் இரண்டு வழிகள் புறப்படுகின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்றே தெரிந்தால் மற்றொன்று படத்தில் விடுபட்டிருக்கிறது என்பது உறுதி.

அனுமதி கிடைத்தபின் நகையைப் பொட்டலமிட்டு முத்திரை வைத்து, மதிப்பீட்டாளர், எழுத்தர், செயலாளர் மூவரும் கையொப்பமிட வேண்டும். பொட்டலம் இரட்டைப் பூட்டுள்ள பெட்டகத்துக்குச் செல்கிறது. இரண்டு சாவிகளும் இருவேறு கைகளில் இருத்தல் வேண்டும். நகை மதிப்பிடுபவர், ஏட்டில் எழுதுபவர், அனுமதிப்பவர் என்று கட்டங்கள் தனித்தனியே வரையப்பட்டிருப்பதன் நோக்கம், ஒருவர் செய்ததை மற்றொருவர் காண வேண்டும் என்பதே. ஆள் குறைவான சங்கங்களில் ஒருவரே இரண்டு கட்டங்களில் அமர்வதுண்டு. இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் தொங்குவதும் உண்டு. அப்போது வரைபடம் தாளில் மட்டுமே இருக்கிறது என்று அறியலாம். 2021-ஆம் ஆண்டில் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியை முன்னிட்டுக் கூட்டுறவு நகைக்கடன்கள் ஆராயப்பட்டபோது, சில இடங்களில் போலி நகைக்கும், நகையே இல்லாமலும் கடன் வழங்கப்பட்டது வெளிப்பட்டது. கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்ட இடத்தில்தான் இத்தகைய தவறு இடம்பெற முடியும். மாலையில் பெட்டகத்திலுள்ள பொட்டலங்களை எண்ணி நகைக்கடன் பதிவேட்டுடன் ஒப்பிடுவது இதனைக் கண்டறியும் எளிய வழியாகும்.

செயலாளரே தவறான ஆணை இட்டால் எழுத்தர் என் செய்வது? முழுக்கோடு செயலாளரோடு முடிவதில்லை. நிர்வாகக் குழுவுக்குச் செல்கிறது. எனவே தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அங்கும் பயனில்லையெனில் துணைப்பதிவாளரின் புள்ளிக்கோடு பயன்படும். 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவு விசாரணைக்கு வழி செய்கிறது. அதே சட்டத்தின் 87-ஆம் பிரிவு, சங்கத்துக்கு நட்டம் விளைவித்தவரிடமிருந்து அந்நட்டத்தை வசூலிக்க இடமளிக்கிறது; ஊதியம் பெறும் ஊழியரும் அதற்கு விலக்கல்லர். ஆகவே, வாய்மொழியாகக் கேட்ட ஆணையை நம்பிக் கையொப்பமிட்ட எழுத்தர், பின்னாளில் அதனை மெய்ப்பிக்க வழியின்றித் தம் பொருளை இழக்கக்கூடும்.

புதிதாகப் பணியேற்றவர் தம் சங்கத்தின் வரைபடத்தை வெள்ளைத்தாளில் தம் கையாலேயே ஒருமுறை வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் இன்று அப்பணியைச் செய்பவரின் பெயரை எழுதிப் பார்ப்பாராக. ஒரே பெயர் இரண்டு கட்டங்களில் வருமாயின், அந்தத் தாளைச் செயலாளரிடம் காட்டி, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அதனை ஒரு பொருளாக வைக்கும்படி கேட்கலாம்.