தீக்குச்சியின் கதையை அட்டைகளில் எழுதுதல்

ஒரு கண்டுபிடிப்பின் வரலாற்றைச் சிறு சிறு அட்டைகளாகப் பகுத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் நகர்த்திப் படிக்குமாறு அமைப்பதைக் காலவரிசை அட்டைத்தொடர் எனலாம். ஓர் அட்டையில் ஓர் ஆண்டு, ஒரு படம், ஏறத்தாழ இருபது சொற்கள், இவற்றிற்கே இடமுண்டு. ஆதலின், எதனை எழுதுவது, எதனை விடுவது என்பதே எழுதுவோர் முன் நிற்கும் முதல் வினாவாகும். இதனைத் தீக்குச்சியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

தீக்குச்சியைப் பற்றி எழுதப் புகும் மாணவர் ஒருவர், 1669ஆம் ஆண்டைத் தம் முதல் அட்டையில் எழுதுகிறார் என்று கொள்வோம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்டு என்பவர் பாஸ்பரஸைக் கண்டறிந்த ஆண்டு அது. செய்தி உண்மையே, எனினும், அது முதல் அட்டையாகாது. ஏனெனில், கடையில் விற்பனைக்கு வந்த முதல் உரசு தீக்குச்சியில் பாஸ்பரஸ் இல்லை. அடுத்தடுத்து வைக்கப்படும் இரண்டு அட்டைகளில் முன்னதே பின்னதற்குக் காரணம் என்று படிப்பவர் கருதுவர். ஆண்டுகளின் வரிசை சரியாயிருந்தும் பொருள் பிழைபடுவது இவ்வாறுதான்.

அங்ஙனமாயின், முதல் அட்டை யாது? இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் என்பவர், ஆன்டிமனி சல்பைடு, பொட்டாசியம் குளோரேட்டு, பிசின் ஆகியவற்றைக் கலந்து குச்சியின் நுனியில் பூசினார். மடித்த மணற்காகிதத்தின் இடையே வைத்து இழுத்தபோது அது தீப்பற்றியது. 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அதனை விற்றதாக அவருடைய கடைக் கணக்கேடு காட்டுகிறது. கண்டுபிடித்த ஆண்டு வேறு; விற்ற ஆண்டு வேறு. ஆகவே, ஆண்டின் அருகே ‘முதல் விற்பனை’ என்று குறித்தல் வேண்டும்.

அட்டையின் இறுதி வரியில் அக்கண்டுபிடிப்பின் குறையைச் சொல்ல வேண்டும். அக்குறையே அடுத்த அட்டைக்கு வழிகாட்டும். முதல் அட்டை பின்வருமாறு அமையலாம்:

“1827 – முதல் விற்பனை. ஜான் வாக்கரின் குச்சி மணற்காகிதத்தில் உரசினால் எரிந்தது. ஆனால், எரியும் நுனி உதிர்ந்து விழுந்து ஆடையைச் சுட்டது, நாற்றமும் மிகுதி.”

இனி, இரண்டாம் அட்டை. பிரான்சு நாட்டுச் சார்லஸ் சோரியா என்பவர், 1831ஆம் ஆண்டளவில், ஆன்டிமனி சல்பைடுக்குப் பதிலாக வெண்பாஸ்பரஸைச் சேர்த்தார். பிராண்டின் கண்டுபிடிப்பு இங்கேதான் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். இக்குச்சி எளிதில் எரிந்தது, நாற்றமும் குறைந்தது. ஆனால், வெண்பாஸ்பரஸ் கொடிய நஞ்சு. அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர்களின் தாடையெலும்பு அழுகியது.

மூன்றாம் அட்டைக்கு 1840கள் என்று எழுதுதல் தகும். வியன்னாவில் ஆன்டன் ஷ்ரோட்டர், காற்றுப் படாமல் வெண்பாஸ்பரஸைச் சூடாக்கினால் நஞ்சற்ற செம்பாஸ்பரஸ் கிடைக்கும் என்று காட்டினார். சுவீடனில் குஸ்தாவ் எரிக் பாஷ், பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து அகற்றி, உரசும் பட்டையில் வைக்கும் முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்றார். 1850களில் அந்நாட்டின் யோன்சோப்பிங் நகரில் லுண்ட்ஸ்ட்ரோம் உடன்பிறந்தார் இருவர், அம்முறையில் காப்புத் தீக்குச்சிகளைப் பெருவாரியாகச் செய்யலாயினர். இது நான்காம் அட்டை.

பலர் இங்கேயே தொடரை முடித்துவிடுவர். படிப்பவரோ, 1850களோடு தொழிலாளர் துன்பமும் தீர்ந்தது என்று எண்ணுவர். நடந்தது அதுவன்று. வெண்பாஸ்பரஸ் குச்சி மலிவானது. எங்கு உரசினாலும் எரிவது. ஆதலின், அதனைச் செய்வோரும் வாங்குவோரும் அதனை விடவில்லை. 1888ஆம் ஆண்டில் இலண்டனில் தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும், அங்கு வெண்பாஸ்பரஸ் பயன்பட்டு வந்தது. 1906ஆம் ஆண்டில்தான் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் சில, அத்தகைய குச்சிகளைத் தடைசெய்ய உடன்படிக்கை செய்துகொண்டன. மாற்று வழி தெரிந்த பின்னும் அரை நூற்றாண்டு கழிந்தது! அவ்வரை நூற்றாண்டே ஐந்தாம் அட்டை; தடை, ஆறாம் அட்டை. இவ்விரண்டையும் விட்டுவிட்டால், துன்புற்றவர்கள் வரலாற்றிலிருந்தே மறைந்துபோவார்கள்.

எழுதி முடித்தபின் ஒரு சோதனை செய்க. ஆண்டுகளை மறைத்து, அட்டைகளைக் கலைத்து, ஒரு நண்பரிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுக. குறையும் தீர்வும் இணைந்திருந்தால் அவர் எளிதில் அடுக்குவார். எந்த அட்டையை எங்கு வைப்பது என்று தயங்குகிறாரோ, அந்த அட்டையைத் திருத்துக.

பயிற்சி

1. 1669ஆம் ஆண்டு ஏன் முதல் அட்டையாகாது?
2. ஐந்தாம் அட்டையை இருபது சொற்களில் எழுதுக.