பில்லிங் முகவரி மாறுதா? சப்ளையருக்கு மெயில் இப்படிப் போடுங்க

உங்க கம்பெனியோட பில்லிங் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாறுதுன்னு வச்சுக்கோங்க. கோயம்புத்தூர் சப்ளையருக்கு அதைச் சொல்ற வேலை உங்களுக்கு வருது. தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறினா பொதுவா ஜிஎஸ்டி எண் மாறாது, முகவரி மட்டும்தான் மாறும். மாநிலம் மாறினா எண்ணும் புதுசு: 33-ல் ஆரம்பிச்சது இனி 29-ல் ஆரம்பிக்கும்.

சப்ளையர் பழைய எண்ணையே போட்டா என்ன ஆகும்? 1 லட்சம் ரூபாய் சரக்குக்கு 18% வரின்னா, அந்த 18,000 ரூபாய் கிரெடிட் சென்னைப் பதிவோட ஜிஎஸ்டிஆர்-2பி-யில் போய் உட்காரும். பெங்களூரு பதிவுல அதை எடுக்க முடியாது.

அதனால மெயில்ல தேதியைத் தெளிவா எழுதுங்க:

"ஐயா, ஆகஸ்ட் 1 முதல் அனுப்பும் சரக்குகளுக்கு, இணைப்பில் உள்ள பெங்களூரு முகவரியையும் புதிய ஜிஎஸ்டி எண்ணையும் பில்லில் குறிப்பிடவும். ஜூலை 31 வரை அனுப்பியவற்றுக்குப் பழைய விவரங்களே பொருந்தும். புதிய பதிவுச் சான்றிதழை இணைத்துள்ளோம். உங்கள் சிஸ்டத்தில் மாற்றியதும் பதில் அனுப்பவும்."

டெலிவரி முகவரியும் மாறுதான்னு தனியா ஒரு வரி சேருங்க. பழைய ஆர்டர் ஏதாவது பாக்கி இருந்தா, அதைத் திருத்தி அனுப்புங்க.

ஆகஸ்ட்ல வர்ற முதல் பில்லைப் பாருங்க. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தலா 9% போய், ஐஜிஎஸ்டி 18% வந்திருக்கணும். இல்லைன்னா, சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் பண்றதுக்கு முன்னாடியே திருத்தச் சொல்லுங்க.