மாத விற்பனையை முன்கூட்டிக் கணிக்க

ஓமந்தையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்குக் காலபோக அறுவடைக் காசு புழங்கும் பங்குனியும், கை வறண்ட ஐப்பசியும் ஒன்றல்ல. ஆண்டு விற்பனையைப் பன்னிரண்டால் வகுத்து வரவுசெலவுத் திட்டம் போட்டால் இரண்டு மாதமும் பிழைக்கும்.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பருவச் சுட்டியைக் கணக்கிடலாம். உதாரணமாக மார்ச் மாதத்தை எடுப்போம். முந்திய செப்டெம்பர் முதல் ஓகஸ்ட் வரை 12 மாதச் சராசரி 3.9 இலட்சம் என்றும், ஒக்டோபர் முதல் செப்டெம்பர் வரை 4.1 இலட்சம் என்றும் வைப்போம். இரண்டின் நடு 4 இலட்சம். இது பருவ ஏற்றத்தாழ்வு நீங்கிய நகரும் சராசரி. மார்ச்சின் உண்மை விற்பனை 6 இலட்சமானால் பருவச் சுட்டி 6 ÷ 4 = 1.5. மற்றோர் ஆண்டில் 1.4 வந்தால், சராசரி 1.45. இப்போதைய நகரும் சராசரி 4.4 இலட்சம் என்றால், வரும் மார்ச்சுக்கு 4.4 × 1.45, ஏறத்தாழ 6.4 இலட்சம். பன்னிரு மாதச் சுட்டிகளையும் கூட்டினால் 12க்குக் கிட்ட வரவேண்டும். வராவிட்டால் கணக்கில் பிழை தேடுங்கள்.

தீபாவளி 2023இல் நவம்பரிலும் 2024இல் ஒக்டோபரிலும் வந்தது. அந்த இரு மாதங்களின் சுட்டியை அப்படியே நம்பக்கூடாது. பண்டிகை விற்பனையைத் தனியாகப் பிரித்து, அது வரும் மாதத்தில் சேருங்கள். விலைகள் தாறுமாறாக ஏறிய 2022ஐ ரூபாயில் கணக்கிடாமல், அரிசி, சீனி மூடைகளின் எண்ணிக்கையில் கணக்கிடுவதே நல்லது.