கடன்கொடுத்தோர் பேரேடும் அக்கவுண்ட்ஸ் பேயபிளும்: ரொறன்ரோ ரெசுமேக்குச் சொல் தேர்தல்

ரெசுமேயின் தொடக்கத்தில், பெயருக்குக் கீழே, விண்ணப்பதாரரின் தொழிலையும் அனுபவத்தையும் மூன்று நான்கு வரிகளில் கூறும் பகுதி சுருக்கம் எனப்படும். ரொறன்ரோவின் பெரிய நிறுவனங்களில் ரெசுமேயை முதலில் வாங்கிக்கொள்வது, வந்த விண்ணப்பங்களைப் பெயர், பதவி, கல்வி எனப் பிரித்துச் சேமித்து, பின்னர் தேடித்தரும் விண்ணப்பத் தேர்வு மென்பொருளாகும். சொல் குறைந்தால் இம்மென்பொருள் விண்ணப்பத்தைத் தானே தள்ளிவிடும் என்ற அச்சம் பரவலாக இருந்தாலும், உடனடி நிராகரிப்பு பெரும்பாலும் வேலை அனுமதி உண்டா என்பது போன்ற படிவக் கேள்விகளின் விடையால் நேர்வதாகும். சொற்களின் வேலை வேறு இடத்தில், அதாவது ஆட்சேர்ப்பாளர் குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களுள் சிலவற்றைப் பிரித்தெடுக்கப் பின்வருமாறு தேடும்போது தொடங்குகிறது:

```
"accounts payable" AND (QuickBooks OR "Sage 50")
```

இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்பதையும், அடைப்புக்குள் உள்ளவற்றுள் ஒன்று போதும் என்பதையும் இவ்வரி குறிக்கிறது. கொழும்பில் பல ஆண்டுகள் கணக்குத்துறையில் பணியாற்றி, ஸ்காபரோவில் குடியேறிய ஒருவர் இத்தேடலில் அகப்படுவாரா என்று பார்த்தால், அவர் முன் உள்ள மூன்று வழிகளின் வேறுபாடு விளங்கும்.

முதல் வழி, ஊரில் வழங்கிய சொற்களையே வைத்திருப்பது. வழங்குநர்களுக்குச் செலுத்த வேண்டிய தொகைகளைப் பதியும் வேலை இலங்கையில் பிரித்தானிய வழக்கப்படி கடன்கொடுத்தோர் பேரேடு, அதாவது கிரெடிட்டர்ஸ் லெட்ஜர் என வழங்க, வட அமெரிக்காவில் அது அக்கவுண்ட்ஸ் பேயபிள் ஆகிறது. டெப்டர்ஸ் என்பது அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள் ஆகிறது. வேலை ஒன்றே என்றாலும், சொல்லுக்குச் சொல் பார்க்கும் தேடலில் பழைய பெயர் அகப்படாது. பெறுமதி சேர் வரியை மட்டும் குறிப்பிடும் சுருக்கத்தை மனிதரே படித்தாலும், ஒன்ராறியோவின் 13 விழுக்காட்டு எச்எஸ்டி வரியோடு அந்த அனுபவத்தை அவரால் எளிதில் பொருத்திப் பார்க்க முடியாது.

இரண்டாம் வழி, விளம்பரத்தின் சொற்களை அப்படியே கொட்டுவது. தேடலில் அகப்படுவதற்கு இது உதவும். ஆனால் காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட இருபது சொற்களைக் காணும் ஆட்சேர்ப்பாளர், அவற்றுள் எதைச் செய்தவர் என்று அறிய இயலாமல் அடுத்ததைத் திறப்பார். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாகச் சொற்களை ஒளித்துவைக்கும் தந்திரம் இதனினும் மோசமானது, ஏனெனில் மென்பொருள் எழுத்தை மட்டும் பிரித்துக் காட்டும்போது அது அம்பலமாகிவிடும். 2017ஆம் ஆண்டின் ஒன்ராறியோ சட்டத்தால் காக்கப்படும் சிபிஏ என்ற பட்டத்தை, உறுப்பினர் அல்லாதவர் தேடலுக்காகச் சேர்ப்பது ஏமாற்று மட்டுமன்றிச் சட்ட மீறலும் ஆகக்கூடும்.

மூன்றாம் வழி, தான் உண்மையில் செய்த வேலையை ரொறன்ரோவின் பெயரால் வாக்கியமாக எழுதுவது. மேற்கண்டவர், விளம்பரத்தில் உள்ள பதவிப்பெயரான அக்கவுண்ட்ஸ் பேயபிள் கிளார்க் என்பதில் தொடங்கி, மாதம் ஏறத்தாழ எத்தனை வழங்குநர் இன்வாய்ஸ்களைச் சரிபார்த்தார், வங்கிக் கணக்கிணக்கத்தையும் மாதமுடிவுக் கணக்கையும் எந்த மென்பொருளில் முடித்தார் என்பதை இரண்டு வாக்கியங்களில் சொன்னால், தேடுபவருக்குச் சொல்லும் படிப்பவருக்குச் சான்றும் ஒருங்கே கிடைக்கின்றன. ஏபி என்ற சுருக்கத்தை முழுப்பெயரோடு ஒருமுறை சேர்த்து எழுதுவது நல்லது. ஒன்றைத் தேடினால் மற்றதையும் காட்டும் திறன் எல்லா மென்பொருளுக்கும் இல்லை. குவிக்புக்ஸ் தெரியாது, டாலி மட்டுமே தெரியும் என்றால் டாலி என்றே எழுத வேண்டும். குவிக்புக்ஸைக் கற்ற பிறகே அச்சொல் சுருக்கத்துக்குள் வரலாம்.

குறிப்பிட்ட ஒரு விளம்பரத்துக்கு விண்ணப்பிப்போர் அந்த விளம்பரத்தில் மீண்டும் மீண்டும் வரும் மூன்று நான்கு சொற்களையும், பணியமர்த்தும் முகவரகத்தில் ரெசுமேயைப் பதிந்துவைப்போர் பல விளம்பரங்களுக்கும் பொதுவான சொற்களையும் எடுப்பது பொருத்தம். பின்னவர்க்கு, கனடாவின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் 14200 என்ற எண்ணின் கீழ் உள்ள பதவிப்பெயர்களும் கடமை விவரங்களும் நம்பகமான தொடக்கமாகும்.

எந்த வழியானாலும், உரைப்பெட்டிக்குள்ளோ பக்கத்தின் மேல்விளிம்புப் பகுதியிலோ வைக்கப்பட்ட சுருக்கத்தைச் சில மென்பொருள்கள் படிக்கத் தவறும். கோப்பின் எழுத்தை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, வரிகள் முறை மாறாமல் வருகின்றனவா என்று பார்த்தால் பிழையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். கனேடிய அனுபவம் என்ற சொற்றொடரை எப்படியாவது நுழைக்க வேண்டுமே என்று எவரும் கவலைப்பட வேண்டியதில்லை: 2026 ஜனவரி 1 முதல், ஒன்ராறியோவில் 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் பொது வேலை விளம்பரங்களில் அதைத் தகுதியாகக் கேட்பது தடைசெய்யப்பட்டுள்ளது.