டாக்ஸியில் மறந்த நகை: கண்டெடுத்தவரின் பொறுப்பு

ஓட்டுநர் சகோதரர்களுக்காக நடத்திய வகுப்பில், கண்டெடுத்த பொருள் பற்றிய சட்டத்தை (மார்க்க நூல்களில் இதற்கு 'லுகதா' என்று பெயர்) ஒரு கதையாகச் சொல்லி விளக்கினோம். பாதியிலேயே கேள்விகள் வந்துவிட்டன. அவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபம். இரவு பத்தரை மணிக்கு ஒரு குடும்பம் டாக்ஸியில் ஏறுகிறது. ஒரு பாட்டி, கணவன் மனைவி, தூங்கிவிட்ட இரண்டு பிள்ளைகள், ஏழெட்டுப் பைகள். பருத்திப்பட்டு வழியாகச் சென்று ஆவடியில் அவர்களை இறக்கிவிட்டு, ஓட்டுநர் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் இருக்கும் தம் வீட்டுக்குத் திரும்புகிறார். வண்டியைப் பூட்டப் போகும்போது பின் இருக்கைக்குக் கீழே ஒரு துணிப்பை தெரிகிறது. உள்ளே நகைக்கடை பர்ஸ். ஓர் ஆரம், நான்கு வளையல். கையில் தூக்கிப் பார்த்தால் பத்துப் பவுன், அதாவது 80 கிராம் இருக்கும்.

அவருக்கு வண்டித் தவணை இரண்டு மாதம் பாக்கி. மனைவியின் வளையல் அடகுக் கடையில் இருக்கிறது. தெருவில் யாரும் இல்லை. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து யோசிக்கிறார்.

முதலில் வந்த எண்ணம், 'இது அல்லாஹ் எனக்குத் தந்த ரிஸ்க்' என்பது. இரண்டாவது, 'ஓராண்டு அறிவிப்புச் செய்தால் கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்று எங்கோ கேட்டிருக்கிறோமே' என்பது. மூன்றாவது, 'பாதியைப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிடலாம்' என்பது. நான்காவதுதான் உண்மையான பயம்: 'திருப்பிக் கொடுக்கப் போய், "இன்னொரு சங்கிலி இருந்ததே, அது எங்கே?" என்று கேட்டுவிட்டால்?'

இரண்டாவது எண்ணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஓராண்டு என்பது ஜைத் பின் காலித் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் வருகிறது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பொருள் இருந்த பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் அடையாளம் வைத்துக்கொண்டு ஓராண்டு அறிவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் என்பது அதன் கருத்து. அதற்குப் பின் என்ன செய்வது என்பதில் நம் ஊரில் உள்ள இரண்டு மத்ஹபுகளும் வேறுபடுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் அவர் அதைத் தமதாக்கிக்கொள்ளலாம். உரியவர் பிறகு வந்தால் ஈடு கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் வசதியுள்ளவர் அதைத் தாமே அனுபவிக்கக் கூடாது, தர்மம் செய்ய வேண்டும், ஏழை பயன்படுத்தலாம். அதிலும் உரியவர் வந்து கேட்டால் ஈடு உண்டு.

ஆனால் இந்தச் சட்டம் முழுவதும் உரியவர் யாரென்று தெரியாத பொருளுக்குத்தான். நம் ஓட்டுநருக்கு அந்தக் குடும்பம் இறங்கிய வீட்டு வாசல்கூடத் தெரியும். உரியவரைத் தெரிந்த பிறகு அது அமானிதம். அதற்கு ஓராண்டு கிடையாது, ஒரு நாளும் கிடையாது. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான்.

அன்று இரவு அவர் ஐந்து சவாரி போயிருந்து, பை யாருடையது என்று தெரியவில்லை என்றால்? வகுப்பில் நல்ல கேள்வியாக இது வந்தது. அப்போதும் ஐந்து சவாரியின் பதிவும் செல்போன் செயலியில் இருக்கிறது. சவாரி முடிந்த பின் பயணியின் எண்ணுக்கு நேராக அழைக்க முடியாமல் போகலாம்; 'தவறிய பொருள்' என்ற பகுதி வழியாக நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "வண்டியில் ஏதாவது விட்டீர்களா?" என்று மட்டும் கேட்க வேண்டும். "நகை விட்டீர்களா?" என்று கேட்கக் கூடாது. பை என்ன நிறம், எத்தனை வளையல், எந்தக் கடை பர்ஸ் என்பதைக் கேட்பவர் சொல்ல வேண்டும், ஓட்டுநர் சொல்லக் கூடாது. பையையும் கயிற்றையும் அடையாளம் வைக்கச் சொன்னதன் பயன் இங்கேதான் தெரிகிறது. நகையில் பொறித்துள்ள ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணைக் கொண்டு விற்ற கடையைக் கண்டறியலாம். வாங்கியவர் பெயர் அதில் வராது. கடை பில்தான் அவரைக் காட்டும்.

இனி அந்தப் பயம். இயாள் பின் ஹிமார் (ரலி) அறிவிக்கும் இன்னொரு ஹதீஸ் அபூ தாவூதில் உள்ளது. கண்டெடுத்தவர் நேர்மையான சாட்சிகளை வைத்துக்கொள்ளட்டும், மறைக்க வேண்டாம் என்பது அதன் கருத்து. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) இதை மிக அழுத்தமாக எடுத்துக்கொண்டார்கள். உரியவருக்குக் கொடுக்கவே எடுத்தேன் என்று சாட்சி வைத்தவரிடமிருந்து, அவர் கவனக்குறைவு இல்லாமல் அது திருட்டுப் போனால், ஈடு கேட்க முடியாது. சாட்சி வைக்காதவர், உரியவர் அவருடைய சொல்லை ஏற்காவிட்டால், ஈடு கொடுக்க வேண்டிவரும். ஷாஃபிஈ மத்ஹபில் சாட்சி வைப்பது விரும்பத்தக்கது. எந்த மத்ஹபானாலும், தமக்கே வைத்துக்கொள்ளும் எண்ணத்தில் எடுத்தவர் எப்படித் தொலைத்தாலும் பொறுப்பாளிதான்.

ஆகவே கதையில் ஓட்டுநர் மனைவியை எழுப்புகிறார். "என்னங்க இது, யாருதுங்க?" என்று அந்தம்மா பதறுகிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரையும் கூப்பிட்டு, இருவர் முன்னால் பையைத் திறந்து, செல்போனில் படம் எடுத்து, எண்ணி ஒரு தாளில் எழுதி, மூவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். 'இன்னொரு சங்கிலி எங்கே' என்ற கேள்விக்கு அந்தத் தாள் ஒரு பதில். (மறுநாள் காலைவரை பொறுத்திருந்து எழுதிய தாளுக்கு இந்த மதிப்பு இருக்காது.)

நம் நாட்டுச் சட்டமும் இதே கோட்டில்தான் போகிறது. 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 71 ஆம் பிரிவின்படி, பொருளைக் கண்டெடுத்துப் பொறுப்பில் வைத்திருப்பவர், அதைப் பாதுகாக்கக் கையில் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பை ஏற்கிறார். பாரதிய நியாய சன்ஹிதா 314 ஆம் பிரிவு இன்னும் தெளிவு. காப்பாற்றவோ திருப்பிக் கொடுக்கவோ எடுத்தவர் குற்றவாளி அல்ல. உரியவரைத் தெரிந்தும், கண்டுபிடிக்க வழி இருந்தும் தமதாக்கிக்கொண்டவர் குற்றவாளி. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. செயலியில் சவாரிப் பதிவு உள்ள ஓட்டுநர், கண்டுபிடிக்க வழி இல்லை என்று சொல்லவே முடியாது.

குடும்பத்தைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் காவல் நிலையம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் இப்போது ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தில் வருகின்றன. நகைப் பட்டியலை மனுவாக எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. போனால் நம்மையே பிடித்து வைப்பார்கள் என்று அஞ்சும் சகோதரர்களுக்கு ஒரு நடந்த செய்தி. 2021 ஜனவரியில் குரோம்பேட்டையில், மகளின் திருமணத்தை முடித்துத் திரும்பிய ஒருவர் சுமார் 50 பவுன் நகை இருந்த பையை ஆட்டோவில் விட்டுவிட்டார். ஆட்டோ ஓட்டுநர் தாமே அதைக் காவல்துறையிடம் ஒப்படைத்தார். போலீசார் அவருக்குப் பூங்கொத்துக் கொடுத்துப் பாராட்டினார்கள்.

உண்டியல் யோசனைக்கு வருவோம். இப்படிக் கண்டெடுத்த பணத்தை 'நன்மையில் சேரட்டும்' என்று நம் டிரஸ்டிலும் சிலர் கொடுக்க வருகிறார்கள். உரியவரைத் தேடாமல் கொண்டு வருவதை நாம் வாங்குவதில்லை. பிறர் சொத்தை தர்மம் செய்ய நமக்கு உரிமை இல்லை. வாங்கிக்கொண்டால் டிரஸ்டும் அந்தப் பொறுப்பில் மாட்டிக்கொள்ளும்.

கடைசியாகக் கூலி. அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குத் திரும்பப் போன டீசல் செலவைக் கேட்கலாமா? ஒப்பந்தச் சட்டம் 168 ஆம் பிரிவின்படி, தாமாக மேற்கொண்ட சிரமத்துக்காகவும் செலவுக்காகவும் வழக்குப் போட முடியாது. ஆனால் அது கிடைக்கும்வரை பொருளைக் கையில் வைத்திருக்கலாம். நகை விஷயத்தில் இந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டாம் என்பது நம் ஆலோசனை. 'பணம் கொடுத்தால்தான் தருவேன்' என்ற ஒரு வார்த்தையே புகாராக மாறிவிடும். முதலில் நகையை எண்ணிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்க வேண்டும். பிறகு வந்துபோன செலவைச் சொல்லலாம். அவர்கள் மனமுவந்து அதற்கு மேல் கொடுத்தால் அது ஹலால்.

கதையில் அந்தப் பாட்டி ஐந்நூறு ரூபாயும், கல்யாண வீட்டு இனிப்புப் பெட்டி ஒன்றும் கொடுத்தார். ஓட்டுநர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். தவணைப் பாக்கி அப்படியே இருந்தது. இப்படிப்பட்ட பாக்கி உள்ள சகோதரர்கள், வாகனக் கடன் கடிதத்தின் நகலுடன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தால் ஜகாத் நிதிக்கான விண்ணப்பம் தரப்படும்.