டை அடித்த தலையோடு தண்ணீரில் இறங்குமுன்

மே மாதம் வந்தால் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளம், இல்லாவிட்டால் ஈ.சி.ஆர். பக்கம் கடற்கரை. பார்லரில் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போட்ட ஹேர் கலர், பள்ளி திறப்பதற்குள் வெளிறிப் போவது இந்த இரண்டு இடங்களில்தான். கூடவே உச்சி வெயிலும் சேர்ந்துகொள்கிறது. முடிக்குள் போய்த் தங்கியிருக்கும் சாயத்தைக் குளோரின் சிதைக்கிறது, வெயில் வெளுக்கிறது. உப்புத் தண்ணீர் முடியை வறட்டி, சாயம் இன்னும் எளிதாகக் கழன்றுபோக வழி செய்கிறது. இவற்றை முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் பாதிப்பைப் பெருமளவு குறைக்கலாம்.

1. முதலில் நல்ல தண்ணீர். காய்ந்த முடி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உறிஞ்சக்கூடியது. எந்தத் தண்ணீர் முதலில் படுகிறதோ அதைத்தான் அதிகம் குடிக்கும். அதனால் குளத்தில் இறங்குமுன் ஷவரில் இரண்டு மூன்று நிமிடம் நின்று, சொட்டச் சொட்ட நனைத்துக்கொள்ளுங்கள். கையில் தண்ணீர் எடுத்துத் தலையில் தெளித்துக்கொள்வது போதாது. கடற்கரையில் ஷவர் கிடைக்காது. ஒரு பெரிய பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். செலவில்லாத இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிக் கவலை தீரும்.

2. அதன் மேல் தேங்காய் எண்ணெய். ஈர முடியில், காது மட்டத்திலிருந்து நுனி வரை, அரை ஸ்பூன் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே ஊடுருவி, தண்ணீரில் ஊறி முடி உப்புவதைக் குறைக்கும். மினரல் ஆயில் கலந்த ‘ஹேர் ஆயில்’கள் மேலோடு நின்றுவிடும். கடலுக்குத் தேங்காய் எண்ணெய் சரி. குளத்துக்கு எண்ணெய்த் தலையோடு வந்தால் பராமரிப்பாளர் சண்டைக்கு வருவார், அதில் நியாயமும் இருக்கிறது. அங்கே கொஞ்சம் கண்டிஷனரைத் தடவி, மேலே தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

தொப்பியில் சிலிக்கான் வகையே நல்லது. துணித் தொப்பி முடியை அடக்கி வைக்குமே தவிர, தண்ணீரைத் தடுக்காது. லேடெக்ஸ் ரப்பர் தொப்பி எண்ணெய் பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். சிலிக்கானிலும் கொஞ்சம் தண்ணீர் புகத்தான் செய்யும். ஆனாலும் உள்ளே புகுந்த அந்தக் கொஞ்சத் தண்ணீர், குளம் முழுவதும் தலையில் அலசுவதற்கு ஈடாகாது.

3. டை அடித்த மறுநாளே குளம் வேண்டாம். மூன்று நாளாவது விடுங்கள். மருதாணி போட்டு, அதன் மேல் அவுரிப் பொடி போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவுரியின் கருமை முழுதாகத் தெளிய இரண்டு மூன்று நாள் ஆகும். குளோரினும் முதலில் கைவைப்பது அவுரியில்தான். மருதாணியின் செம்மை அதைவிட நின்று பிடிக்கும். ஆகவே சில வாரம் நீந்தியபின் தலை செம்பட்டையாகத் தெரிந்தால், பொடி மட்டமானது என்று கடைக்காரரைத் திட்ட வேண்டாம். மருதாணியை மறுபடி போட வேண்டியதும் இல்லை. அவுரியை மட்டும் போட்டால் போதும்.

4. முடி பச்சையானால் குளோரினைக் குற்றம் சொல்லாதீர்கள். பச்சைக்குக் காரணம் தண்ணீரில் இருக்கும் தாமிரம். பாசி பிடிக்காமல் இருக்கக் குளத்தில் போடும் மயில்துத்தத்திலிருந்தோ, அரித்துப்போன தாமிரக் குழாயிலிருந்தோ அது வரும். கறுப்பு முடியில் படிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ப்ளீச் செய்து தேன் நிறம் ஏற்றிய கற்றைகளிலும், டை விட்டுப்போன நரையிலும்தான் பளிச்சென்று காட்டும்.

கல்லூரிப் பெண் ஒருத்தி முன்பக்கம் நாலு கற்றை ஹைலைட் செய்துகொண்டு கோடை நீச்சல் வகுப்பில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சில நாளில் வீட்டு விளக்கில் சரியாகவும், பகல் வெளிச்சத்தில் பாசி படிந்தாற்போலவும் அந்தக் கற்றைகள் தெரிகின்றன. இதற்கு மருந்துக்கடை வைட்டமின் சி போதும். நிறமும் சர்க்கரையும் சேர்க்காத 500 மில்லிகிராம் மாத்திரை நான்கைப் பொடித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்க வேண்டும். முதலில் உள்பக்கத்து மெல்லிய கற்றை ஒன்றில் மட்டும் பஞ்சால் தடவி, ஐந்து நிமிடம் கழித்து அலசிப் பார்க்க வேண்டும். பச்சை குறைந்து தேன் நிறம் நின்றால் மற்ற கற்றைகளுக்கும் போடலாம், முடிந்ததும் கண்டிஷனர். முழுத் தலையிலும் ஊற்றிக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் வைட்டமின் சி தாமிரத்தோடு சாயத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். வாராவாரம் செய்யும் வேலையும் இல்லை இது.

பச்சையை மறைக்க மேலேயே பிரவுன் டை அடிப்பவர்கள் உண்டு. தாமிரத்தை எடுக்காமல் அடித்தால் கலங்கிய ஒரு நிறம்தான் வரும். குளத்தில் என்ன மருந்து போடுகிறார்கள் என்று பராமரிப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அடுத்த முறை தொப்பியை மறக்க மாட்டீர்கள்.

5. கரையேறியதும் அலசுங்கள். குளோரின் தண்ணீர் தலையிலேயே காய விட்டால், ஏறி வந்த பிறகும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. காய்ந்ததும் முடிமேல் துகளாய் நிற்கும். அந்த நிலையில் சீப்பு வைத்தால் சாயம் போவது இருக்கட்டும், முடியே உடையும். மீதி வைத்த நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கழுவிவிட்டு வண்டியில் ஏறுங்கள். வீட்டில் மென்மையான ஷாம்பு ஒரே முறை, பிறகு கண்டிஷனர். சமையல் சோடா போட்டு அலசும் வைத்தியம் வேண்டாம்; அதன் காரத்தன்மை முடியின் மேல்தோலைத் திறந்து சாயத்தை வெளியே விடும்.

6. வெயிலுக்குத் துணி. புற ஊதாக் கதிர் சாயத்தை மெல்ல மெல்ல வெளுக்கும். சிவப்புச் சாயல் உள்ள நிறங்கள் முதலில் போகும். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நெருக்கமாக நெய்த பருத்தித் துப்பட்டாவோ குடையோ போதும். ஊடே வெளிச்சம் தெரிகிற ஷிஃபான் அழகுக்கு மட்டும்தான். முடிக்கென்று விற்கும் சன்ஸ்கிரீன் ஸ்பிரே ஓரளவு உதவும், ஆனால் தண்ணீரில் இறங்கினால் போய்விடும். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் நிற்பது மட்டும் கூடவே கூடாது. சாயம் வெளுப்பதோடு, சாறு வழிந்த நெற்றியிலும் கழுத்திலும் தோல் வெந்து கறுத்துப்போகும்.

7. மறுபடி டை அடிக்குமுன் ஒரு சோதனை. ஈரமாக இருக்கும்போது ஒற்றை முடியை இரு விரலால் மெதுவாக இழுங்கள். சற்று நீண்டு திரும்பச் சுருங்கினால் நல்லது. ரப்பர்போல் நீண்டு அப்படியே தொய்ந்து நின்றாலோ, சட்டென்று அறுந்தாலோ, முடி களைத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் டை தொட்டுக்கொண்டு, நுனி வரை இழுக்காமல் விட்டுவிடுங்கள். ஹைலைட்டுக்கான ப்ளீச்சை நீச்சல் வகுப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.